டோக்கனில் இருக்கும் இரண்டு வரிகள்

கேள்வி: போன சனிக்கிழமை இரவு குடும்பத்தோடு ஒரு ஓட்டலுக்குச் சாப்பிடப் போனோம். வாசலில் வேலட் பையனிடம் சாவியைக் கொடுத்துவிட்டு உள்ளே போனேன். இரண்டரை மணி நேரம் கழித்து வண்டியைக் கொண்டுவந்தார்கள். இருட்டில் எதையும் கவனிக்காமல் வீட்டுக்கு வந்துவிட்டோம். காலையில் பார்த்தால் இடதுபக்கப் பின்கதவிலிருந்து சக்கரத்துக்கு மேல் வளைவு வரை நீளமான கீறல், அதில் மஞ்சள் நிறம் ஒட்டியிருக்கிறது. டேஷ்போர்டில் வைத்திருந்த கூலிங் கிளாஸையும் காணோம். போன் செய்தேன். மேலாளர், "டோக்கனைப் படிங்க சார், உரிமையாளர் பொறுப்புன்னு போட்டிருக்கு. அதோட வேலட் எங்க ஆள் கிடையாது, காண்டிராக்ட்" என்கிறார். இரண்டு மாதம் முன்பு நான் தினமும் நிறுத்தும் கட்டண பார்க்கிங்கிலும் யாரோ பம்பரை இடித்துவிட்டுப் போனார்கள். அங்கேயும் இதே பதில்தான். அந்த ஒரு வரியை அச்சடித்துவிட்டால் எல்லாம் முடிந்துவிடுமா?

பதில்: முடியாது. ஆனால் உங்கள் இரண்டு சம்பவங்களுக்கும் ஒரே பதில் கிடையாது. ஓட்டல் விஷயத்தில் உங்கள் பக்கம் வலுவாக இருக்கிறது. கட்டண பார்க்கிங்கில் அவ்வளவு இல்லை. ஏன் என்று தெரிந்துகொள்ள அந்த டோக்கனை இன்னொரு முறை எடுத்துப் பாருங்கள்.

மேலாளர் காட்டுகிற வரி ஒன்று இருக்கும்: வாகனம் உரிமையாளரின் பொறுப்பிலேயே நிறுத்தப்படுகிறது, இழப்புக்கோ சேதத்துக்கோ நிர்வாகம் பொறுப்பல்ல. அதற்குப் பக்கத்திலோ பின்பக்கத்திலோ, அவர் காட்டாத இன்னொரு வரியும் பெரும்பாலும் இருக்கும்: இந்த டோக்கனைக் காட்டினால்தான் வாகனம் திருப்பித் தரப்படும். முதல் வரி "வண்டிக்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லை" என்கிறது. இரண்டாவது வரி "வண்டி எங்கள் கையில் இருக்கிறது, நாங்கள் தந்தால்தான் வரும்" என்கிறது. ஒரே சீட்டில் இரண்டையும் சொல்கிறார்கள். வழக்கு என்று வந்தால் நான் முதலில் விரல் வைப்பது இரண்டாவது வரியில்தான்.

ஒரு பொருளை இன்னொருவர் கையில் கொடுத்து, வேலை முடிந்ததும் அதையே திருப்பித் தர வேண்டும் என்று ஏற்பாடு செய்தால் சட்டம் அதை ஒப்படைப்பு என்கிறது. துணியைச் சலவைக்குக் கொடுப்பது, கைக்கடிகாரத்தைப் பழுது பார்க்கக் கொடுப்பது எல்லாம் இந்த வகைதான். சாதாரண விவேகமுள்ள ஒருவர் தன் சொந்தப் பொருளை எவ்வளவு கவனமாகப் பார்த்துக்கொள்வாரோ, அவ்வளவு கவனம் வாங்கி வைத்துக்கொண்டவர் எடுக்க வேண்டும். இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் இது 1872 முதல் இருக்கிறது. 148, 151, 152 ஆகிய பிரிவுகளைப் பாருங்கள். இங்கிலாந்துச் சட்ட மரபைப் பின்பற்றும் மற்ற நாடுகளிலும் அடிப்படை இதுதான். இதிலிருந்து வரும் முக்கியமான விளைவு, நிரூபிக்கும் சுமை இடம் மாறுவது. நல்ல நிலையில் கொடுத்தேன், சேதத்தோடு திரும்பி வந்தது என்று காட்டினால் உங்கள் வேலை முடிந்தது. எப்படி நடந்தது, தாங்கள் என்ன கவனம் எடுத்தோம் என்று அவர்கள்தான் விளக்க வேண்டும். அந்த இரண்டரை மணி நேரம் நீங்கள் உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்கள். வண்டி எந்தத் தூணில் உரசியது என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?

உங்கள் நிலைமைக்கு மிக நெருக்கமான தீர்ப்பு, இந்திய உச்ச நீதிமன்றம் 2019 நவம்பரில் கொடுத்தது. தாஜ் மகால் ஓட்டல் எதிர் யுனைடெட் இந்தியா இன்ஷூரன்ஸ் என்று தேடினால் கிடைக்கும். சம்பவம் நடந்தது 1998 ஆகஸ்ட் 1 இரவு, டெல்லியில். ஒருவர் இரவு பதினோரு மணி வாக்கில் வந்து காரை வேலட்டிடம் கொடுத்து டோக்கன் வாங்கிக்கொண்டு உள்ளே போனார். ஒரு மணி வாக்கில் வெளியே வந்தால் கார் இல்லை. வேறொரு காரில் வந்த மூன்று இளைஞர்கள், தங்கள் வண்டியைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள். அது வருவதற்குள் அவர்களில் ஒருவன், மேசையில் இருந்த இவருடைய சாவியை எடுத்துக்கொண்டு இவர் காரையே ஓட்டிப் போய்விட்டான். டோக்கனில் உங்களுடையதைப் போலவே, விருந்தினரின் வேண்டுகோளின்பேரில் அவருடைய சொந்தப் பொறுப்பில் நிறுத்தப்படுகிறது என்ற வரி இருந்தது.

நீதிமன்றம் ஓட்டலைக் கேட்டது சுருக்கமாக இதைத்தான்: சாவி எப்படி வெளியாள் கையில் போனது? அதற்குச் சரியான விளக்கம் இல்லை. தன் கவனக்குறைவாலும் தன் பணியாளர்களின் கவனக்குறைவாலும் வரும் இழப்பிலிருந்து, டோக்கனில் ஒரு வரி அச்சடித்து ஓட்டல் தப்பிக்க முடியாது என்று தீர்ப்பு வந்தது. அதற்காக அந்த வரி வெறும் காகிதம் என்று நினைத்துவிட வேண்டாம். தேவையான கவனம் எடுத்தும் தன் கட்டுப்பாட்டை மீறி ஏதோ நடந்துவிட்டது என்று ஓட்டல் காட்டிவிட்டால், அங்கே அந்த வரி அவர்களுக்கு உதவலாம். வேலட் காரை ஓட்டும்போது தூணில் உரசுவது அந்த வகையில் சேராது.

மேலாளர் சொன்ன மற்றப் பதிலையும் பார்த்துவிடுவோம். வேலட் காண்டிராக்ட் ஆள் என்பது ஓட்டலுக்கும் அந்த நிறுவனத்துக்கும் இடையில் உள்ள கணக்கு. நீங்கள் ஓட்டலின் வாசலில், ஓட்டலின் விருந்தினராக, ஓட்டல் நிறுத்திய ஆளிடம் சாவியைக் கொடுத்தீர்கள். தான் பெற்றுக்கொண்ட பொறுப்பை வேறொருவரிடம் தள்ளிவிட்டு ஓட்டல் ஒதுங்க முடியாது. டோக்கனில் வேறு நிறுவனத்தின் பெயர் அச்சடித்திருந்தால் கடிதத்தில் இருவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான். அடுத்து அவர் "வேலட் இலவச சேவைதானே" என்று ஆரம்பிப்பார். சாப்பாட்டு பில்லுக்குள்தான் அதன் செலவும் அடங்கியிருக்கிறது என்பதே அதற்குப் பதில்.

சரி, சட்டம் உங்கள் பக்கம். ஆனால் உங்கள் வழக்கில் ஓட்டை இருப்பது வேறு இடத்தில்: நீங்கள் காலையில்தான் பார்த்தீர்கள். ஓட்டல் வக்கீல் முதலில் கேட்கப்போவது, "வழியில் உரசவில்லை என்று என்ன நிச்சயம்? உங்கள் தெருவில் இரவு யாரும் இடிக்கவில்லை என்று என்ன நிச்சயம்?" என்பதுதான். இதை அடைக்கத்தான் இப்போது உழைக்க வேண்டும்.

கீறலைத் துடைக்காதீர்கள், கழுவாதீர்கள், பாலிஷ் போடாதீர்கள். அந்த மஞ்சள் நிறம்தான் உங்களுடைய சிறந்த சாட்சி. அடித்தளப் பார்க்கிங்குகளில் தூண்களின் கீழ்ப்பாதியிலும் சரிவுப் பாதையின் ஓரச் சுவர்களிலும் மஞ்சள், கறுப்புப் பட்டைகள் அடித்திருப்பார்கள். உரசும்போது அந்தப் பெயின்ட் உங்கள் வண்டியில் ஒட்டிக்கொள்ளும், உங்கள் வண்டியின் பெயின்ட் அங்கே ஒட்டிக்கொள்ளும். தரையிலிருந்து கீறல் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று டேப்பால் அளந்து, டேப்பும் தெரியும்படி படம் எடுங்கள். பிறகு ஓட்டலுக்குப் போய், அதே உயரத்தில் உரசிய தடம் உள்ள தூண் இருக்கிறதா பாருங்கள். கதவின் நடுவில் ஆழமாகத் தொடங்கி சக்கர வளைவில் மெலிந்து முடிகிற கீறல், வண்டி நகர்ந்துகொண்டிருந்தபோது பட்டது என்பதைக் காட்டும். நின்றிருந்த வண்டியில் வேறொரு வண்டி இடித்தால் பெரும்பாலும் ஒரே இடத்தில் பள்ளம் விழும். அல்லது அந்த வண்டியின் பெயின்ட் ஒட்டும். சாலையில் ஓடும் வண்டிகளின் நிறம் பொதுவாக இப்படி மங்கலான சுவர்ப் பெயின்ட் மாதிரி இருக்காது.

புதுக் கீறலா பழசா என்பதும் பார்த்தால் ஓரளவு தெரியும். புதுசில் ஓரங்கள் கூர்மையாக இருக்கும், உள்ளே தூசி அடைந்திருக்காது, பெயின்ட் செதில்கள் லேசாக எழும்பி நிற்கும். பழைய கீறலின் பள்ளத்தில் அழுக்கோ, காய்ந்த பாலிஷின் வெள்ளைப் பொடியோ இருக்கும். தகரம் வரை வெட்டியிருந்தால் துருவும் ஏறியிருக்கும். நகத்தை மெதுவாகக் குறுக்கே இழுத்துப் பாருங்கள். நகம் மாட்டினால் மேல்பூச்சைத் தாண்டி உள்ளே போயிருக்கிறது, அந்தப் பாகத்தை மறுபடி பெயின்ட் அடிக்க வேண்டிவரும். மாட்டவில்லையென்றால் பாதி பாலிஷிலேயே போய்விடலாம். நஷ்ட ஈடு கேட்கும் தொகை இதைப் பொறுத்தது என்பதால், ஒரு பணிமனையில் எழுத்தில் மதிப்பீடு வாங்குங்கள். கீறல் அண்மையில் ஏற்பட்டதாகத் தெரிகிறது என்று அவர்கள் கவனித்தால் அதையும் அதிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். வாயால் சொன்னது நாளைக்கு உதவாது.

அடுத்தது, சனிக்கிழமை கொடுக்கும்போது அந்தக் கீறல் இல்லை என்று காட்டுவது. அன்றைக்கோ அதற்கு முந்தைய நாட்களிலோ வீட்டில் எடுத்த புகைப்படங்களில் வண்டியின் இடது பக்கம் பின்னணியில் விழுந்திருக்கலாம். தேடிப் பாருங்கள். போனில் உள்ள மூலப் படத்தை அழிக்காமல் வையுங்கள், எடுத்த நேரம் அதில்தான் பதிவாகியிருக்கும். நல்ல வேலட் நிறுவனங்களில், டோக்கனின் ஒரு பகுதியில் கார் படம் வரைந்து, வாங்கும்போதே இருக்கிற கீறல்களை அதில் குறித்துக்கொள்வார்கள். சாவியோடு கட்டிவைக்கும் துண்டில் அது இருக்கும். உங்கள் துண்டில் எதுவும் குறிக்கப்படவில்லை என்றால் அது உங்களுக்குச் சாதகம்: வாங்கும்போது சேதம் எதையும் அவர்கள் குறிக்கவில்லை. அப்படிக் குறிக்கும் பழக்கமே அங்கே இல்லையென்றால், அது அவர்களுடைய குறை.

எல்லாவற்றிலும் அவசரமானது கேமராப் பதிவு. பதிவுக்கருவியில் இடம் நிரம்பியதும் பழையதன்மேலேயே புதியது ஏறிவிடும். சில இடங்களில் இரண்டு வாரம்கூடத் தங்காது. ஆகவே இன்றைக்கே ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். தொலைபேசியில் பேசியது போதாது. டோக்கன் எண், வண்டி எண், கொடுத்த நேரம், திரும்ப வாங்கிய நேரம், சேதம் இருக்கும் இடம் ஆகியவற்றை எழுதி, நான்கைந்து படங்களை இணையுங்கள். வாசல், சரிவுப் பாதை, வண்டி நின்ற தளம் ஆகிய மூன்று இடங்களின் பதிவுகளையும் அந்த இரண்டரை மணி நேரத்துக்கு அழிக்காமல் வைக்க வேண்டும் என்றும், அன்று வண்டியை ஓட்டியவரின் பெயரையும் வேலட் பதிவேட்டின் நகலையும் தர வேண்டும் என்றும் கேளுங்கள். கோபமான வார்த்தை ஒன்றும் வேண்டாம். கேட்டும் பதிவை அழித்துவிட்டார்கள் என்றால், பின்னால் அதுவே உங்களுக்கு ஒரு வாதம். நீங்கள் கேட்கவே இல்லையென்றால், "வழக்கப்படி அழிந்துவிட்டது" என்று சொல்லிப் போய்விடுவார்கள். ஓட்டலிலிருந்து வீட்டுக்குள் நுழைந்தது வரை உங்கள் குடியிருப்பு கேமராவில் இருந்தால் அதையும் இப்போதே வாங்கி வையுங்கள். வண்டி உள்ளே வரும்போதே கீறலோடு வந்தது தெரிந்தால், தெருவில் யாரோ இடித்திருக்கலாம் என்ற வாதம் அங்கேயே விழுந்துவிடும்.

கூலிங் கிளாஸ் விஷயத்தில் உங்களுக்கு அதிக நம்பிக்கை கொடுக்க விரும்பவில்லை. வண்டியை ஒப்படைத்ததாலேயே அதற்குள் இருந்த எல்லாவற்றையும் ஒப்படைத்ததாக ஆகிவிடாது. உள்ளே என்ன இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது. கண்ணாடி அங்கே இருந்தது என்பதற்கு உங்கள் சொல்லைத் தவிர ஆதாரமும் இல்லை. வழக்கு மாறுவது, உள்ளே இருப்பதைப் பற்றி அவர்களே வாக்குக் கொடுத்தால்தான். இங்கிலாந்தில் 1969இல் இப்படி ஒரு தீர்ப்பு உண்டு. வண்டியைப் பூட்டக் கூடாது என்று பார்க்கிங் ஆள் சொல்ல, உள்ளே பெட்டியில் விலைமதிப்புள்ள பொருள் இருக்கிறது என்று ஓட்டிவந்தவர் சொன்னார். "நான் பூட்டிவிடுகிறேன்" என்று ஆள் சொன்னார். பூட்டவில்லை, பெட்டி போய்விட்டது. டோக்கனில் பொறுப்பில்லை என்ற வரி இருந்தும், அந்த ஆளின் வாய்வார்த்தைதான் நின்றது. நீங்கள் யாரிடமும் கண்ணாடியைப் பற்றிச் சொல்லவில்லை. கடிதத்தில் ஒரு வரியாகக் குறிப்பிடுங்கள், ஆனால் கீறல் வழக்கை அதனால் பலவீனமாக்கிக்கொள்ளாதீர்கள். சின்னதைப் பெரிதாக்கிக் கேட்டால் பெரியதும் சந்தேகத்துக்குள்ளாகும். வேலட்டிடம் கொடுக்கும்போது வீட்டுச் சாவிக் கொத்தைக் கழற்றிவிட்டு வண்டிச் சாவியை மட்டும் கொடுக்கச் சொல்வேன். நானே பல வருடம் மொத்தக் கொத்தையும் கொடுத்துக்கொண்டிருந்தவன்தான்.

இனி கட்டண பார்க்கிங். அங்கே நீங்களே ஓட்டிப்போய் நிறுத்தி, பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போகிறீர்கள். வண்டியை யாரிடமும் கொடுக்கவில்லை. நிறுத்த இடம் வாடகைக்கு எடுத்திருக்கிறீர்கள். இங்கிலாந்து நீதிமன்றம் 1937இலேயே இப்படித்தான் சொன்னது. அந்த வழக்கில், ஏதோ கதை சொன்ன திருடனைப் பார்க்கிங் ஆள் நம்பி வண்டியை எடுத்துப்போக விட்டார். அப்படியிருந்தும், இது இடத்தைப் பயன்படுத்த அனுமதி மட்டும்தான், ஒப்படைப்பு இல்லை என்று உரிமையாளருக்கு எதிராகத் தீர்ப்பு வந்தது. ஆனால் 1965இல் ஆஸ்திரேலியாவின் உயர் நீதிமன்றம் எதிர்த் திசையில் போனது. அங்கே வாசலில் தடுப்பு, சீட்டைக் காட்டினால்தான் வண்டி வெளியே போக முடியும் என்ற விதி. ஒரு திருடன் சீட்டு தொலைந்துவிட்டது என்று பொய் சொல்லி நகல் சீட்டு வாங்கி, அதைக் காட்டி வண்டியை ஓட்டிப் போய்விட்டான். பார்க்கிங் நடத்தியவர் பொறுப்பு என்று தீர்ப்பானது. பொறுப்பில்லை என்ற வரி, வண்டியைத் தவறான ஆளிடம் விட்டுவிடுவதைக் காப்பாற்றாது என்றார்கள்.

இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில்தான், ஆரம்பத்தில் சொன்ன இரண்டாவது வரி வருகிறது. வெளியே போகும் வழியில் தடுப்பும் ஆளும் வைத்து, சீட்டு இல்லாமல் வண்டி போகாது என்று சொல்லும் பார்க்கிங், வண்டியின்மேல் ஒரு கட்டுப்பாட்டை ஏற்றுக்கொள்கிறது. அங்கே திருட்டு நடந்தால் நீங்கள் வாதாடலாம். திறந்த மைதானம், சீட்டு வெறும் பண ரசீது, யாரும் எப்போதும் எடுத்துப் போகலாம் என்றால் ரொம்பக் கஷ்டம்.

உங்கள் பம்பர் விஷயம் திருட்டும் இல்லை, பார்க்கிங் ஆள் செய்த தவறும் இல்லை. இன்னொரு வாடிக்கையாளர் இடித்திருக்கிறார். பொறுப்பு அவருடையது; பார்க்கிங் நடத்துபவரிடம் நீங்கள் கேட்கக்கூடியது அந்த வண்டியின் எண்ணையும் கேமராப் பதிவையும்தான். இரண்டு மாதம் ஆகிவிட்டதால் பதிவு இருக்க வாய்ப்பில்லை. அதை விட்டுவிடுங்கள் என்றுதான் சொல்வேன். தடங்கள் மிகக் குறுகலாகப் போடப்பட்டிருந்தது, விளக்கே எரியவில்லை, முன்பும் இதே இடத்தில் இடித்துப் புகார் இருக்கிறது என்பது போன்ற நிலை இருந்தால் மட்டும், இடத்தைச் சரியாகப் பராமரிக்கவில்லை என்று நடத்துபவரிடமே கேட்க முடியும்.

அங்கே தினமும் நிறுத்துவதால் இன்னொன்று. 1970இல் இங்கிலாந்தில் தானியங்கி இயந்திரத்தில் வந்த பார்க்கிங் சீட்டைப் பற்றி ஒரு புகழ்பெற்ற தீர்ப்பு வந்தது. இயந்திரம் சீட்டைத் துப்பும் நேரத்தில் ஒப்பந்தம் ஏற்பட்டுவிட்டது, சீட்டில் பின்னால் வரும் நிபந்தனைகள் தாமதமாக வந்தவை என்றார் நீதிபதி டென்னிங் பிரபு. உள்ளே போவதற்கு முன்பே கண்ணில் படும்படி பலகையில் எழுதியிருப்பது வேறு. அது உங்களைக் கட்டுப்படுத்தக்கூடும். மாதக் கணக்காக ஒரே இடத்தில் நிறுத்துபவருக்கு அந்த நிபந்தனைகள் தெரியாது என்று சொல்வதும் கடினம். ஏதாவது நடந்தால் சீட்டை மட்டுமல்ல, நுழைவாயில் பலகையையும் எந்தத் தூரத்திலிருந்து எப்படித் தெரிகிறது என்று படம் எடுங்கள்.

கடைசியாக இன்ஷூரன்ஸ், ஏனென்றால் பலர் இங்கேதான் காரியத்தைக் கெடுத்துக்கொள்கிறார்கள். சொந்த வண்டிச் சேதத்துக்குக் காப்பீடு எடுத்திருந்தால், ஓட்டலோடு மல்லுக்கட்டாமல் அதில் கோரலாம். நீங்கள் ஏற்க வேண்டிய பங்கும், கோரிக்கை இல்லாத ஆண்டுகளுக்குக் கிடைக்கும் தள்ளுபடி போவதும் இதில் நஷ்டம். பணிமனை மதிப்பீடு இந்த இரண்டுக்கும் பக்கத்திலேயே வந்தால் கோராமல் இருப்பதே லாபம். கோரினால் நிறுவனம் உங்களுக்குப் பணம் கொடுத்துவிட்டு, உங்கள் இடத்தில் நின்று ஓட்டலிடம் வசூலிக்கும் உரிமையைப் பெறும். நான் சொன்ன டெல்லி வழக்கிலும் காப்பீட்டு நிறுவனம்தான் உரிமையாளரோடு சேர்ந்து போராடியது. 1998இல் காணாமல்போன காருக்கு 2019இல்தான் உச்ச நீதிமன்றம் முடிவு சொன்னது. காப்பீடு இல்லாமல் அவ்வளவு காலம் யார் காத்திருப்பார்கள்?

இதில் ஒரு பொறி இருக்கிறது. உங்கள் மின்னஞ்சலுக்குப் பிறகு மேலாளர் இறங்கிவந்து கொஞ்சம் பணமோ இலவசச் சாப்பாடோ தருவதாகச் சொல்லலாம். கூடவே ஒரு தாளில் கையெழுத்துக் கேட்பார். "முழுத் தீர்வாகப் பெற்றுக்கொண்டேன், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று அதில் இருந்தால், காப்பீட்டு நிறுவனத்தைக் கேட்காமல் போடாதீர்கள். நீங்கள் ஓட்டலை விடுவித்துவிட்டால் நிறுவனத்துக்கு வசூலிக்க ஆள் இல்லாமல் போகும், அதைக் காரணம் காட்டி உங்கள் கோரிக்கையை அவர்கள் நிராகரிக்கலாம். பணிமனை மதிப்பீட்டுக்கு நெருக்கமான தொகை, காப்பீட்டில் நீங்கள் எதுவும் கோரப்போவதில்லை என்றால் மட்டும் கையெழுத்துப் போடுங்கள். அந்தத் தாளிலும் டோக்கன் எண், கீறலின் இடம், தேதி மூன்றும் இருக்கும்படி எழுதச் சொல்லுங்கள். பெயின்ட் அடித்த பிறகு பக்கத்துப் பாகத்தோடு நிறம் ஒத்துப்போகவில்லை என்றால், மறுபடி அவர்களிடம் போய் நிற்கப்போவது நீங்கள்தான்.